பழக்காத சட்டி

ஹஸ்ஸான் ஊருக்கு வருகிறான் என்பதை மந்தாரக்குப்பத்தில் அந்தத் தெருவே பாயிஜாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். கேக்குக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் "எவ்ளோ கிலோ, என்னா பேரு எழுதணும்" என்று இரண்டே கேள்வியில் பேச்சை முடிக்கிறவள், அந்த வாரம் மட்டும் அவர்களை உட்கார வைத்து டீ கொடுப்பாள். கேட்காமலே விலையும் குறைப்பாள்.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த மறு வருஷமே ஹஸ்ஸான் கல்கத்தாவுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு தமிழ் ஓட்டலில் தோசை மாஸ்டர். நோன்புப் பெருநாளை ஒட்டி வருவான், மூன்று வாரம் இருப்பான், போய்விடுவான். மாமியார் இருந்தவரைக்கும் அந்த வீட்டில் சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்தது. அவர் மௌத்தான பிறகு, பிள்ளையும் இல்லாத அந்த வீட்டில் பாயிஜாவும் அவள் கேக் சுடுகிற ‘அவன்’ அடுப்பும்தான். அவனோடு எத்தனை நேரம் பேச முடியும்? தட்டை உள்ளே வைத்தால் சூடாகும், எடுத்தால் ஆறும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்த முறை வருவதற்கு முன்னால் போனில் ஹஸ்ஸான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்.

"எங்க ஓட்டலுக்குப் பக்கத்து மிட்டாய்க் கடையில ஒரு தயிரு போடுறாங்கன்னு சொல்வேன்ல? சக்கரையக் கருக்கி, பால்ல கலந்து, மண்சட்டியில ஊத்தி, அவன்ல வேக வைக்கிறது. இப்ப நானே கத்துக்கினேன் புள்ள. கட்டியா நிக்கும். சட்டியத் தலைகீழாக் கவுத்தாலும் வுழாது. நம்ம சுரங்க டவுன்ஷிப்புல எல்லா ஊர்க்காரனும் இருக்கான். இது மட்டும் நம்ம வூட்டு அவன்ல ஒழுங்கா வந்துச்சுன்னு வச்சிக்க, நான் திரும்பிப் போவல. மெயின் பஜாருல சின்னதா ஒரு கடை போட்டுடலாம்."

இருந்துவிடுங்கள் என்று அவள் ஒருநாளும் அவனிடம் கேட்டதில்லை. சம்பாதிக்கப் போகிற ஆம்பிளையை முந்தானையில் முடிந்துவைக்கிறாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று இருந்துவிட்டாள். இப்போது அவனே சொல்கிறான். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை என்று சொன்னால் அது பொய். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாளே குறிஞ்சிப்பாடி சந்தைக்குப் போய்க் கைக்கு அடக்கமான மண்சட்டிகளாகப் பார்த்து ஒரு கூடை வாங்கி வந்தாள். புதுச்சட்டியைப் பழக்காமல் அப்படியே அடுப்பேற்ற எந்த வீட்டுப் பொம்பளைக்கு மனசு வரும்? அரிசி கழுவிய தண்ணீரில் ராவெல்லாம் ஊற வைத்தாள். எடுத்து, கஞ்சி ஊற்றி வைத்துக் கழுவினாள். உள்ளேயும் வெளியேயும் நல்லெண்ணெய் தடவி வெயிலில் காய வைத்து, துணியால் துடைத்து அடுக்கினாள். மீன் குழம்புச் சட்டிக்குக்கூட அவள் இவ்வளவு பாடுபட்டதில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பஸ்ஸில் வரும்போதே விளிம்பு உடைந்துவிட்டது. உடைந்ததற்கு எதற்கு எண்ணெய் என்று அதை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள்.

ஹஸ்ஸான் வந்து பையை இறக்கியதும் சட்டிகளைப் பார்த்தான். "நல்லா வழவழன்னு இருக்கே" என்றான். பாயிஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. என்ன செய்தாய் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்கத்தாவில் சட்டி எப்போதும் குயவரிடமிருந்து கட்டுக்கட்டாகக் காய்ந்தே வரும். தூசி தட்டி ஊற்றுவதுதான் வேலை. சட்டியைப் பற்றிக் கேட்க ஏதோ இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

வேலையில் இறங்கினால் அவன் வேறு ஆள். தயிரைத் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தான். பாலைக் கிண்டிக் கிண்டிச் சுண்டக் காய்ச்சினான். வெறும் வாணலியில் சர்க்கரையைப் போட்டு உருக்கி, தேன் நிறம் தாண்டிச் செம்பு நிறத்துக்கு வந்ததும், கசப்பு ஏறுவதற்கு முன்னால், சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். அது சீறிப் பொங்கியது. சர்க்கரை கல்லாக இறுகி, பிறகு மெல்லக் கரைந்தது. பால் ஆறி விரல் தாங்கும் சூட்டுக்கு வந்த பிறகே தயிரைச் சேர்த்தான். நுரை கட்டாமல் ஒரே பக்கமாகக் கலக்கினான்.

"அடிச்சிக் கலக்குனா ஓட்டை ஓட்டையா வெந்துடும்" என்றான். "தீயும் ஏறக்கூடாது. தட்டுல நிக்குற தண்ணி கொதிச்சிதுன்னா தயிரு திரிஞ்சி தண்ணி வுட்ரும்."

வெந்நீர் ஊற்றிய தட்டில் சட்டிகளை நிறுத்தி, மேலே காகிதம் மூடி, அவனைக் குறைந்த சூட்டில் வைத்தான். ஓரம் இறுகி, நடுவில் மட்டும் லேசாக நடுங்கும்போது வெளியே எடுத்தான். ஆற வைத்து ஃப்ரிட்ஜில் ஏற்றினார்கள். பாயிஜா பக்கத்திலேயே நின்று அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் குரலாக மட்டுமே இருந்த ஆள் இப்படிப் பக்கத்தில் வேர்த்து நிற்பதைப் பார்க்க அவளுக்குக் கண் போதவில்லை.

காலையில் திறந்தால், சட்டிக்குச் சட்டி ஓரமெல்லாம் மஞ்சள் தண்ணீர். கரண்டி போட்ட இடத்தில் குளம் கட்டியது.

"பாக்கெட் பாலு" என்றான் ஹஸ்ஸான். பக்கத்தில் வடக்குத்து கிராமத்துக்குப் போய் எருமைப் பால் கறந்து வாங்கி வந்தான். ருசி கூடியது, தண்ணீர் குறையவில்லை. தயிரை இன்னும் ஒரு ராத்திரி கூடுதலாக வடியவிட்டான். அப்படியும் விளிம்போரம் தண்ணீர் வந்து நின்று அவனைப் பார்த்தது. அடுத்து கேக் அவனைத் திட்டினான், பிறகு இந்த ஊர் வெக்கையைத் திட்டினான். ஒவ்வொரு முறையும் பாயிஜா சட்டிகளைக் கழுவி, மறுபடியும் எண்ணெய் தடவி, காய வைத்துத் துடைத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் காந்திமதி அக்கா ஒரு சட்டியை வாங்கித் தின்றுவிட்டு, "நல்லாதான்டி இருக்கு, மோராட்டம் குடிச்சிக்கலாம்" என்றாள். பாயிஜா அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை.

கடைசி முறை செய்தபோது கலவை கொஞ்சம் மிஞ்சியது. ஹஸ்ஸான் அலமாரி மேலிருந்த உடைந்த சட்டியை எடுத்துத் துடைத்து, உடைந்த இடத்துக்குக் கீழே நிற்கிற அளவுக்கு ஊற்றி, அதையும் தட்டில் வைத்தான். காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து முன்வரிசைச் சட்டிகளைப் பார்த்தான். தண்ணீர். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்ச் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தான்.

"இங்க வராது புள்ள" என்றான் வாசலில் நின்று. "அந்த ஊருத் தண்ணிக்குதான் வரும் போல."

இருங்களேன் என்ற சொல் பாயிஜாவின் தொண்டை வரைக்கும் வந்தது. "தண்ணி பாட்டில எடுத்துக்கினீங்களா" என்று கேட்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வீட்டில் அவன் குளித்த சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அழுதுகொண்டே செய்ய ஒரு வேலை வேண்டுமே. ஃப்ரிட்ஜைக் காலி பண்ண உட்கார்ந்தாள். ஒவ்வொரு சட்டியாகத் தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் முதலில் ஓடியது, பின்னால் தயிர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. கேக் வெண்ணெய்க்குப் பின்னால் அந்த உடைந்த சட்டி ஒளிந்திருந்தது. அதையும் கவிழ்த்தாள். விழவில்லை. உதறினாள். விழவில்லை. அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். தயிர் அசையாமல் அவளைக் கேலி செய்தது.

கரண்டியை விட்டாள். கத்தி வைத்து வெட்டினமாதிரி நின்றது. வெட்டிய பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வாயில் போட்டால் அவன் போனில் சொன்ன அதே கருகின சர்க்கரை வாசனை.

அதே பால், அதே கை, அதே அவன் சூடு. என்ன வித்தியாசம்? அப்போதுதான் உள்ளங்கை ஈரமாக இருப்பது உறைத்தது. சட்டியின் வெளிப்பக்கம் நிறம் கறுத்துச் சில்லென்று நனைந்திருந்தது. தொட்டியில் கிடந்த மற்ற சட்டிகளைத் துடைத்துப் பார்த்தாள். வெளிப்பக்கம் வழவழவென்று, தண்ணீர் ஊறின தடமே இல்லாமல் இருந்தது. இந்த மண் தயிரின் தண்ணீரைக் குடித்துவிட்டது. மற்றதெல்லாம் குடிக்க முடியாமல் போனது. கஞ்சியும் எண்ணெயுமாக அதுகளின் வாயை அடைத்தது யார்?

பாயிஜா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பார்த்துப் பார்த்துச் செய்ததே அவனைப் பஸ் ஏற்றிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"என்னா புள்ள, பண்ருட்டியே வரல இன்னும்" என்றான்.

"ஒடஞ்ச சட்டியில நின்னுடுச்சுங்க. கவுத்தாலும் வுழல."

"வெளாடுறியா?"

"அதுக்கு மட்டும் நான் எண்ணெய் தடவல. கஞ்சியில ஊறப் போடல."

"மத்ததுக்கு?"

"தெனமும் தடவுனேன். புதுச்சட்டியப் பழக்காம எப்புடிங்க குடுப்பேன்?"

பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"நெசத்தச் சொல்லட்டா" என்றான் தணிந்த குரலில். "காலையில தண்ணியப் பாத்தப்ப எனக்கு ஒரு பக்கம் நிம்மதியா இருந்துச்சு. கடை போட்டு ஓடலன்னா, தெனம் உன் மூஞ்சில எப்புடி முழிப்பேன்? அங்கன்னா நான் மாஸ்டரு. இங்க வந்தா யாரு?"

பாயிஜா கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். இத்தனை நாள் தன் வாயால் கேட்க வேண்டியதை இந்தத் தயிர் கேட்டுக் கொடுக்கும் என்று இருந்துவிட்டோம் என்று தோன்றியது. வெட்கம் போன இடம் தெரியவில்லை.

"நான் ஒருநாளும் கேட்டதில்ல. இப்ப கேக்குறேன்" என்றாள். "தயிரு உறையட்டும், உறையாமப் போவட்டும். கடை ஓடட்டும், ஓடாமப் போவட்டும். எனக்கு நீங்க வூட்டுல இருக்கணும். வெறும் அவனோட பேசிக்கினு இருக்க என்னால முடியலங்க."

மறுமுனையில் யாரோ பலாப்பழம் விலை கேட்டார்கள். ஒரு ஹாரன் நீளமாக அடித்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணே" என்று ஹஸ்ஸானின் குரல் வேறு யாரிடமோ பேசியது. "இங்கியே எறங்கிக்கிறேன்."

விசில் சத்தம். கதவு. அப்புறம் பஸ் உறுமிக்கொண்டு தூரமாகப் போனது. அவன் மூச்சு மட்டும் காதில் இருந்தது.

"மொத்தத்தையும் தின்னுப்புடாத" என்றான்.

"ஒரு கரண்டிதான் எடுத்தேன்" என்றாள். உடனே பயம் வந்தது. "பை? பைய பஸ்லயே வுட்டுட்டீங்களா?"

"கையிலதான் இருக்கு" என்றான்.