ஆறு மாதப் பரீட்சை

இனி எவரும் விளக்கம் கேட்டு வந்து உயிரை வாங்கக்கூடாது என்றுதான் புகையிலைக் கம்பெனியின் தலைமைக் கிளாக்கர் எட்வேர்ட் அந்த நியமனக் கடிதத்தை அவ்வளவு தெளிவாக எழுதினார். உத்தியோகம், பண்டகசாலைக் கிளாக்கர். அடிப்படைச் சம்பளம் நாற்பது ரூபாய். யுத்தம் முடியும்வரை யுத்தப்படி எட்டு ரூபாய். முதல் ஆறு மாதம் பரீட்சைக் காலம்; அதற்குள் இரு பகுதியாரில் எவரும் ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், நோட்டீஸில் வேலையை முடிக்கலாம். உறுதியானபின் ஒரு மாத நோட்டீஸ்.

மறுநாளே, வேலை கிடைத்தவனின் தகப்பன் ஏரம்பு உரும்பிராயிலிருந்து வந்து நின்றார்.

"ஐயா, பெடியனுக்குக் கலியாணம் பேசுறம். பரீட்சை எண்ட சொல்லை எடுத்துவிடுங்கோ. பொம்பிளை வீட்டார் பாத்தால், பெடியன் இன்னும் சோதினை பாஸ் பண்ணேல்லை எண்டல்லோ நினைப்பினம்! படியையும் சேர்த்துச் சம்பளம் நாற்பத்தெட்டு எண்டு போடுங்கோ."

"நாளைக்கே யுத்தம் முடிஞ்சால் அந்த எட்டு ரூபாயை நீரோ குடுப்பீர்?" எட்வேர்ட் பேனையை மேசையில் எறிந்தார். "ஒரு எழுத்தும் மாத்தேலாது. போம்!"

மூன்றாம் நாள் ஏரம்பு மீண்டும் வந்தார். இம்முறை இணுவிலிலிருந்து பெண்ணின் தகப்பன் சிவசுப்பிரமணியமும் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி கூட வந்திருந்தார். எட்வேர்ட்டுக்குத் தலை வெடித்தது.

"இன்னும் என்ன விளங்கேல்லை?"

"எல்லாம் நல்லாய் விளங்குது," என்று சிவசுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றினார். "இதே மாதிரி எங்கடை சம்பந்தத்துக்கும் ஒண்டு எழுதித் தாருங்கோ. மாப்பிள்ளைக்கும் ஆறு மாதம் பரீட்சை. நோட்டீஸ் ஒரு கிழமை போதும்."