வட்டத்தின் எதிர்ப்பக்கம்

முதல் வீடியோவைப் பார்த்து முடித்தபோது அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தெருவில் ஆடினால் போகிற சைக்கிள் நின்றுவிடும், கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும் என்று பெயரெடுத்த நாடகம் அது. திரையில் அதைப் பார்த்தால் நாலு பேர் பல்வலியில் கத்துவது போல இருந்தது.

நாடகக் குழுவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். அப்படிக் கூப்பிட உண்மையான உரிமையுள்ள ஒரே ஒருவன் அவளுடைய தம்பி. அவனோ வெளியில் அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டான். பாட்டிலில் பானம் அடைக்கிற கம்பெனியில் அவனுக்கு ஒப்பந்த வேலை. நாடகமே அந்தக் கம்பெனியைப் பற்றித்தான். அவன் முகம் நாடகத்துப் பக்கம் தென்பட்டது என்று யாராவது போய் ஊதிவிட்டால் அன்றைக்கே வேலை போய்விடும். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. பாட்டில்கள் ஓடுகிற பெல்ட்டை வேகப்படுத்துவதற்காக மூடி போடும் இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்தார்கள். ஒருவருடைய கை உள்ளே போய்விட்டது. அவருடைய கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக்கொண்டது. நாடகத்தில் ஒரு நீளக் கயிறுதான் பெல்ட். நாலு நடிகர்கள் அதைப் பிடித்து வட்டமாக இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். நடுவில் ஒருவர் காலி எண்ணெய்ப் பீப்பாயை அடிப்பார். அடி வேகமாக ஆக ஆக ஓட்டமும் வேகமாகும். சூப்பர்வைசர் வேஷத்தில் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பார். உச்சத்தில் ஒருத்தி, "யாராவது இதை நிறுத்துங்களேன்" என்று கேட்பாள். ஓட்டம் நிற்காது. கூட்டத்திலிருந்து யாராவது வந்து கயிற்றைப் பிடித்தால்தான் நிற்கும். பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். அந்தக் காத்திருப்புதான் நாடகத்தின் உயிர்.

கம்பெனி வாசலில் ஆடக்கூடாது என்று போலீஸ் தடை போட்டுவிட்டது. இனி வீடியோவாக்கி, மற்ற கிளைகளில் வேலை செய்கிறவர்களின் போனுக்கு அனுப்புவதுதான் ஒரே வழி. அதற்காகத்தான் கத்திரி வந்தான். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவன் என்பதால் அந்தப் பெயர். கேமராவும் பிடிப்பான், வாயும் கொஞ்சம் நீளம்.

"இது என் தப்புதான்க்கா," என்றான் அவன். "குளோசப்பா எடுத்துத் தொலைச்சுட்டேன். உங்க ஆளுங்க கடைசி வரிசையில நிக்கிறவனுக்காக நடிக்கிறாங்க. அதைக் கிட்டப் போய்ப் பார்த்தா ஓவர் ஆக்டிங்காத்தான் தெரியும்."

"அப்ப என்ன பண்றது?"

"தூரமாப் போகணும். எல்லாம் வைட் ஷாட். காலு, புழுதி, கயிறு, கூட்டம், எல்லாம் சேர்ந்து தெரியணும். வேகத்தை வெட்டுல கொண்டு வரலாம்."

தொழிலில் அவன் கெட்டிக்காரன், அதை மறுப்பதற்கில்லை. வட்டத்தில் ஓடும்போது எது வலம் எது இடம் என்று பார்க்கிறவனுக்குக் குழம்பிப்போகும். அதனால் எந்த ஷாட்டிலும் பீப்பாய் தெரிய வேண்டும் என்றான். ஒருவர் ஓடித் திரும்புகிற நொடியில் ஒரு ஷாட்டை வெட்டி, அடுத்த ஷாட்டில் அதே திருப்பத்திலிருந்து தொடர வேண்டும் என்றான். பல தடவை ஆட வைத்து எடுத்தாலும் ஒரே ஆட்டத்தின் சத்தத்தைத்தான் அடியில் ஓட விடுவானாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது உதட்டசைவு யாருக்குத் தெரியப்போகிறது? பீப்பாயின் அடி பிசகாமல் இருந்தால் போதும். தொடக்கத்தில் நீளமான ஷாட்டுகள், போகப் போகக் குட்டையானவை, கடைசிக் காத்திருப்பில் மட்டும் வெட்டே கூடாது.

"கூட்டம் இல்லாம எடுக்க முடியாதா?" என்று கேட்டாள் அக்கா.

"கூட்டம் இல்லேன்னா அது ஒத்திகைக்கா. நாடகம் இல்லை."

அங்கேதான் சிக்கல். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனியில் வேலை செய்கிற ஆட்கள், முகம் தெரிந்தால் வேலை போய்விடும். கேமராவை அவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் தெரியாது. ஆனால் வட்டம் என்றால் எதிர்ப்பக்கம் என்று ஒன்று இருக்குமே. கேமராவை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவன் முகம் நேராக வந்து விழுகிறது. அரைவட்டமாக நிற்க வைத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி ஆகிவிட்டது. முகங்களை மங்கலாக்கிப் பார்த்தார்கள். கூட்டம் முழுவதும் அழிரப்பரால் தேய்த்த மாதிரி இருந்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் வழி அவளுக்கே தோன்றியது. எதிர்ப்பக்கத்தில் நகரத்தின் மறுகோடியிலிருந்து வந்த நண்பர்கள் நிற்கட்டும். கம்பெனி ஆட்கள் எல்லாரும் இந்தப் பக்கம், கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கட்டும். ஒரு கேமரா தோள் உயரத்தில் அவர்களுக்குப் பின்னால், இன்னொன்று அதே பக்கம் ஒரு கடையின் மொட்டை மாடியில். கத்திரி கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, "நம்மையும் அந்தக் கூட்டத்துல நிக்க வச்ச மாதிரி இருக்கும். இன்னும் நல்லதுதான்," என்றான்.

விடுமுறை நாளில் சந்தைக்குப் பின்னாலிருந்த திடலில் எடுத்தார்கள். தம்பியிடம் வரவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவனும் தலையை ஆட்டினான். கடைசி ஆட்டத்தின்போது அவன் கம்பெனி ஆட்களின் முன்வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டாள். ஆட்டத்தின் நடுவில் போய் இழுத்துக்கொண்டா வர முடியும்?

பீப்பாய் உச்சத்துக்குப் போனது. "யாராவது இதை நிறுத்துங்களேன்" என்றாள் நடிகை. ஓடினார்கள். கூட்டம் பார்த்துக்கொண்டே நின்றது. இன்னும் ஓடினார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று அக்கா நினைத்த நேரத்தில் தம்பி முன்னால் நடந்தான். ஓடுகிற கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தான். அது அவனை நாலடி இழுத்துக்கொண்டு போய் நின்றது. அவன் விடவில்லை.

பிறகு அவன் திடலின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோல் உரிந்திருந்தது.

"ஏன்டா இப்படிப் பண்ணே?"

"அன்னைக்குக் கை மாட்டிக்கிட்டப்ப அவர் பக்கத்துல நின்னது நான்தான்க்கா," என்றான். "நிறுத்தற பட்டன் எட்டற தூரத்துலதான் இருந்துச்சு. பெல்ட்டை நிறுத்தினா சம்பளத்துல பிடிப்பாங்கன்னு ஒரு நொடி யோசிச்சேன். ஒரே நொடி."

அவள் அவன் தலையில் கை வைத்தாள். 

கத்திரி தன் அறையில் அந்த ஷாட்டைப் போட்டுக் காட்டினான். தம்பியும் வந்திருந்தான். இரண்டு கேமராவிலும் அவன் முகம் கொஞ்சமும் விழவில்லை. கீழே முதுகுகளின் வரிசை, அதிலிருந்து ஒரு முதுகு பிரிந்து போகிறது, பீப்பாய், கயிறு, ஓட்டம், நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் தெருவில் எத்தனையோ தடவை ஆடியதெல்லாம் சேர்ந்து அந்த ஒரு ஷாட்டில் வந்து நின்றது.

எதற்கும் இருக்கட்டும் என்று அதை நீக்கிவிட்டு, ஒரு நடிகரைக் கூட்டத்திலிருந்து வருவது போல எடுத்து ஒட்டினான் கத்திரி. உப்புச்சப்பில்லாமல் இருந்தது. ஷாட்டை நடுவில் வெட்டி, கயிறு நிற்பதை மட்டும் காட்டினான். கயிறு ஏன் நின்றது என்றே புரியவில்லை.

"நீயே சொல்லுடா," என்றாள் அக்கா தம்பியிடம். "வேண்டாம்னா வேண்டாம்."

"முகம்தான் தெரியலையே," என்றான் அவன். அவன் சந்தோஷமாக இருந்தான். அதை அவளால் மறுக்க முடியவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அந்த ஷாட் வேண்டியிருந்தது. "இருக்கட்டும்," என்றாள்.

வீடியோ ஓடியது. ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்குத் தாவியது. பெயர் தெரியாத ஊர்களில் இருந்தெல்லாம் பதில் வந்தது. மற்ற கிளைகளில் தொழிலாளர்கள் காப்புத் தகட்டை மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவும் அந்த ஒரு வாரம் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு நாள் காலையில், வேலையில் இருக்க வேண்டிய நேரத்தில், தம்பி கத்திரியின் அறை வாசலில் வந்து நின்றான். அக்காவும் அங்கேதான் இருந்தாள். அவனைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"இனிமே வர வேண்டாம்னுட்டாங்க," என்றான்.

"எப்படிடா? முகமே இல்லையே."

"நானும் அதைத்தான் கேட்டேன். சூப்பர்வைசர் ரூமுக்குள்ள கூப்பிட்டுப் போன்ல போட்டுக் காட்டினார். சார், இதுல முகமே இல்லையே, நான்தான்னு எப்படிச் சொல்றீங்கன்னேன். சிரிச்சார். உன் முகத்தை நான் எங்கேப்பா பார்த்தேன், நாள் முழுக்க உங்க முதுகைத்தானே பார்க்கிறேன்னார்."

கம்பெனியில் எல்லாரும் பெல்ட்டைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். சூப்பர்வைசர் பின்னால் நடப்பார். இது அக்காவுக்குத் தெரியாததா? நாடகத்தில் சூப்பர்வைசரை அப்படி நடக்க வைத்ததே அவள்தான். நடிகருக்குக் கையைப் பின்னால் கட்டக் கற்றுக் கொடுத்தவளும் அவள்தான். முகத்தை மறைத்துவிட்டால் ஆளை மறைத்துவிடலாம் என்று எப்படி நினைத்தாள்?

"எடுத்துடறேன்க்கா," என்றான் கத்திரி. "இப்பவே அழிச்சுடறேன்."

"எல்லார் போன்லயும் இருக்குடா," என்றாள்.

"வீட்ல சொல்லிட்டியா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"சொல்லிட்டேன். அவ துணி மடிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம், உங்கக்கா உன்னை நல்லா நடிக்க வச்சுட்டாங்கன்னு சொன்னா."

அக்காவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அழ வேண்டும் போலிருந்தது. அவனுக்கு முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது.

"அதோட முடியலைக்கா," என்றான் தம்பி. "நான் வெளியே வரும்போதும் அவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கிட்டு இருந்தார். பக்கத்துல பேனா, பேப்பர்."

கத்திரியின் திரையில் அந்த ஷாட் நின்றிருந்தது. அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முதுகுகள். கூன் விழுந்தது, ஒரு தோள் இறங்கியது, ஈரத் தலையை முடிந்தது, இடுப்பில் கை ஊன்றியது. வைட் ஷாட்டில் ஒன்றுகூட விடுபடவில்லை. தம்பி திரைக்குக் கிட்டே போய் விரலை வைத்தான்.

"இவர் மூடி மெஷின்ல நிக்கிறவர். இவங்க லேபிள் ஒட்டறவங்க, தனியா ரெண்டு பிள்ளைங்களை வளர்க்கிறாங்க. இவரு பெட்டி அடுக்கறவர்."

"போதும்டா," என்றாள் அக்கா.

அவன் நிறுத்தவில்லை. விரல் அடுத்த முதுகுக்கு நகர்ந்தது.