கூடத்துக் கிராதி

அருளப்பன் தவழ ஆரம்பித்த அன்றைக்கே இருதயமேரியின் நிம்மதி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. பதினோரு மாதப் பிள்ளைக்கு அவ்வளவு வேகம் ஆகாது. இந்தப் பக்கம் ஊசியில் நூல் கோத்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் கரி இஸ்திரிப் பெட்டியை நோக்கிப் பாதி தூரம் போயிருப்பான்.

விழுப்புரம் ரயில்வே லைன் வீட்டில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு கூடம்தான், அதற்குப் பின்னால் ஒரு அடுப்படி. கூடத்து ஜன்னலோரம் அவளுடைய கால் மிஷின். திண்டிவனத்துக் கன்னியாஸ்திரீகளிடம் அவள் தையல் கற்று முடித்தபோது அவர்கள் கல்யாணச் சீராகக் கொடுத்த பழைய மிஷின் அது. புருஷன் சவுரிராயன் ஷெட்டில் தச்சு வேலைக்குப் போன பிறகு, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் கூடத்துப் பாயில் உட்காருவார்கள். சாயங்காலம் ஆனால் ஷெட் ஆட்கள் நாலு பேர் பேப்பர் படிக்க வந்துவிடுவார்கள். கத்தரிக்கோல், குண்டூசி, சூடான இஸ்திரிப் பெட்டி, பீடித் துண்டு, கொதிக்கும் காப்பித் தம்ளர், எல்லாம் தரையிலே கிடக்கும் கூடம் அது. பெரியவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்து பார்த்தவனுக்குத்தான் அது திருவிழாக் கடைத் தெருவாகத் தெரிந்தது.

ஒருநாள் அவன் வாயிலிருந்து ஒரு ரவிக்கைக் கொக்கியை விரல் விட்டு எடுத்தாள். அளவு கொடுக்க வந்திருந்த அம்சா அதைப் பார்த்தாள். அம்சா பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே முகையூரிலிருந்து சவுரிராயனின் அக்கா சவுரியம்மாள் வந்து இறங்கினாள்.

சவுரியம்மாளுக்குப் பிள்ளை கிடையாது. புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் எதிரில் சவுரிராயன் வாயைத் திறந்தால் அது கொட்டாவி விடத்தான்.

கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இது வூடா, ஊசிக் கடையா? மாதாவுக்கு நேர்ந்துக்கின முடி எடுக்க இன்னும் ஒரு மாசம் கீது. அது வரைக்கும் டைம் தர்றேன். மொட்டை போட்டுட்டு உங்ககூடவே வந்து பாப்பேன். இப்பிடியே இருந்தா புள்ளை என்கூட முகையூருக்கு வந்துடும். ஓடற வயசு வந்தப்புறம் அழைச்சிக்கினு வாங்க."

"அண்ணி, மிஷினை வேணும்னா மூடி வச்சிடறேன்," என்றாள் இருதயமேரி. சொன்னதுமே அவள் கை தானாக மிஷின் சக்கரத்தின்மேல் போய் நின்றது. அந்த மிஷின் ஓடும்போதுதான் அவள் இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்டாட்டி என்பதெல்லாம் போய், வெறும் இருதயமேரியாக இருப்பாள்.

"நீ மூட மாட்டே. எனக்குத் தெரியும்," என்றாள் சவுரியம்மாள். அது உண்மைதான்.

சவுரிராயன் அன்றைக்கே காரியத்தில் இறங்கினான். ஷெட்டில் கழித்துப் போட்ட ரயில் பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தான். கூடத்து மூலையில் இரண்டு பக்கம் சுவர் இருந்தது. மற்ற இரண்டு பக்கத்துக்கும் கிராதி அடித்து உள்ளே பிள்ளையை விளையாட விடுவது என்று திட்டம். முதலில் குறுக்குச் சட்டமாக அடித்தான். அருளப்பன் அதைப் பிடித்துக்கொண்டு ஏணி மாதிரி இரண்டு படி ஏறிவிட்டுச் சிரித்தான். அதைப் பிடுங்கிப் போட்டு, கால் வைக்க இடமில்லாமல் நெட்டுக்குத்தாகச் சட்டம் அடித்தான். ஆணித் தலைகளை உள்ளே இறக்கினான். சிலாம்பு ஏறாதபடி உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தான். ஆடாமல் இருக்கச் சுவரில் முளை அடித்து இறுக்கினான். உயரம் பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு முழம். சின்னக் கதவுக்குக் கொண்டி, பிள்ளைக் கைக்கு எட்டாமல் உச்சியில். சட்டத்துக்குச் சட்டம் எவ்வளவு இடைவெளி விடுவது என்றுதான் கொஞ்சம் யோசித்தான். பிள்ளையை மடியில் போட்டு, தலையின் குறுக்கே மட்டக்கோலை வைத்து அளந்தான். அந்தத் தலைக்கு ஒரு விரல் குறைவாக இடைவெளி விட்டான். தலை நுழையாத இடத்தில் பிள்ளை நுழைய மாட்டான் என்பது கணக்கு. கணக்கு சரி, அளவுதான் தப்பு. அது அன்றைக்கு இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

கிராதி பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பதினோரு மாதப் பெரியவர் அருளப்பனுக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே விட்டால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, லைன் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுவார். அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தால் அழுகை நிற்கும், மிஷினும் நிற்கும். மிஷினுக்குப் போனால் மறுபடி கச்சேரி. ஒரு மாதத்தில் அவள் தைத்தது பாதிகூட இல்லை. ஆனாலும் பத்திரம் பத்திரம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

முகையூரில் பூசை முடிந்து மொட்டை போட்டார்கள். பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. எண்ணெய் தடவித் தடவிக் கொத்துக் கொத்தாக அடர்ந்து கிடந்தது. அதை எடுத்துவிட்டுச் சந்தனம் பூசியதும், உள்ளே இத்தனை சின்னப் பிள்ளையா இருந்தான் என்று எல்லாருக்கும் ஆச்சரியம். சவுரியம்மாள் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. வண்டியில் வரும்போது அவள் கக்கத்தில் ஒரு காலிப் பை இருந்தது. இருதயமேரி வழி முழுக்க அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சவுரிராயன் பெருமையோடு பிள்ளையைக் கிராதிக்குள் விட்டான். "பாருக்கா. இனிமே ஊசியும் இல்லை, நெருப்பும் இல்லை."

சவுரியம்மாள் பார்த்தாள். அருளப்பனும் அத்தையைப் பார்த்தான். அவளிடம் போக வேண்டும் என்று தோன்றியதும் மொட்டைத் தலையைச் சாய்த்து இரண்டு சட்டத்துக்கு நடுவில் நுழைத்தான். தலை வெளியே வந்துவிட்டது. காது மடங்கி நிமிர்ந்ததும் உள்ளே போக வழியில்லை. ஒரு நொடி திகைத்தான். பிறகு வீறிட்டான்.

சவுரியம்மாள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். "இழுக்காதீங்க அண்ணி," என்று இருதயமேரி குறுக்கே விழுந்தாள். "காது அறுந்துடும். நீங்க மூஞ்சியத் தாங்கிக்கோங்க, நான் உடம்ப ஏந்திக்கிறேன். ஏங்க, கடப்பாரை வேணாம், உளியக் கொண்டாங்க. அந்தச் சட்டத்தை அடியில நெம்புங்க, ஜல்தி."

ஆணி கிரீச்சிட்டுக் கழன்றது. சட்டம் விலகியதும் பிள்ளை அத்தையின் மடியில் பொத்தென்று விழுந்தான். காது லேசாகச் சிவந்திருந்தது, வேறொன்றும் இல்லை. அவன் அதற்குள் அவள் ஜெபமாலையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டான். பெரியவர்கள் மூன்று பேரும்தான் அவன் காதை மாற்றி மாற்றித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடியோட அளந்துட்டேன்," என்றான் சவுரிராயன் மெதுவாக.

"அளந்தே," என்றாள் அக்கா. "பன்னிப் பட்டி கட்டத் தெரிஞ்சவன் மாதிரி அளந்தே. இன்னொரு சட்டம் அடிச்சிட்டா இடுக்கு அடைஞ்சிடும், தெரியும். அப்புறம்? புள்ளை வுழுந்து எழுந்து ஓட வேண்டிய வயசுல ஜெயில்ல நின்னுக்கினு அழணுமா? மேரி, புள்ளை துணியெல்லாம் எடுத்து இந்தப் பையில போடு."

இருதயமேரிக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவள் கூடத்தைப் பார்த்தாள். மூலையில் பிள்ளைக்கென்று ஒதுக்கிய துண்டு இடம். மற்ற இடம் முழுக்க ஊசிக்கும் துணிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் விட்டது. குறும்பு பண்ணாத ஜடங்கள் எல்லாம் வெளியே உல்லாசமாக இருக்க, உயிருள்ளவனை உள்ளே தள்ளியிருக்கிறோமே என்று அப்போதுதான் பட்டது.

"ஏங்க," என்றாள். "மிஷின ஒரு பக்கம் புடிங்க."

"எங்க?"

"உள்ள."

மிஷின் கிராதிக்குள் போனது. பிள்ளைக் கை எட்ட முடியாதபடி சுவரோரமாகத் தள்ளி வைத்தார்கள். துணிமூட்டை, கத்தரிக்கோல், ஊசிப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அதன் பின்னாலேயே போயின. சவுரிராயன் கழற்றிய சட்டத்தை அடித்து, ஒவ்வொரு இடுக்கின் நடுவிலும் இன்னொரு சட்டம் இறக்கினான். இந்தத் தடவை மட்டக்கோலை மொட்டைத் தலைமேல் வைத்துப் பார்த்தான். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இல்லை. அரிக்கேன் விளக்கு விட்டத்துக் கொக்கிக்கு ஏறியது. தண்ணிப் பானை அடுப்படிக்குப் போனது. அடுப்படி வாசலில் குறுக்குப் பலகை நின்றது. ட்ரங்குப் பெட்டி மூடியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஷெட்டிலிருந்து ஒரு காந்தத்தை வாங்கி வந்து சவுரிராயன் தரை முழுக்க உருட்டினான். பாய் மடிப்பிலிருந்தும் பலகை இடுக்கிலிருந்தும் ஏழு குண்டூசி ஒட்டிக்கொண்டு வந்தன. சவுரியம்மாள் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். காந்தத்துக்கு வராத கொக்கியையும் பித்தானையும் அவளே முட்டி போட்டுக் கையால் தடவிப் பொறுக்கினாள்.

கடைசியில் இருதயமேரி கதவைத் திறந்து உள்ளே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்து கொண்டியைப் போட்டுக்கொண்டாள். சட்டங்களின் இடுக்கு வழியாகக் கூடம் முழுக்கத் தெரிந்தது. கால் மிதித்தாள். சக்கரம் சுழன்றது.

அருளப்பன் கூடத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தான். இத்தனை இடமும் தனக்கா என்று ஒரு தடவை யோசித்தான். பிறகு கிளம்பினான். வாசல் கதவு வரைக்கும் போனான், ட்ரங்குப் பெட்டியைத் தட்டினான், அடுப்படிப் பலகையில் மோதிப் பார்த்தான், திரும்பினான். யாரும் "வேணாம்" என்று சொல்லவில்லை. கிராதியைப் பிடித்து எழுந்து நின்று உள்ளே இருக்கிற அம்மாவைப் பார்த்து, இரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். இத்தனை நாள் அங்கே நின்று அழுதது யாரோ வேறு பிள்ளை போல.

அந்த நேரத்துக்கு அம்சா ரவிக்கை வாங்க வந்தாள். வாசலில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னா மேரி, உன்னியப் புடிச்சி உள்ள போட்டுட்டாங்களா?"

"ஆமா அம்சா. ஆயுள் தண்டனை. செருப்ப வெளிய வுட்டுட்டு வா. வாயில கீற பாக்கைத் தரையில துப்பாதே."

சவுரிராயன் சிரித்தான். அக்கா எதிரில் அவன் சத்தமாகச் சிரித்து இருதயமேரி கேட்டதே இல்லை. அம்சா ரவிக்கையை வாங்கிக்கொண்டு போன பிறகும் சவுரியம்மாள் மட்டும் பாயில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தவழ்ந்து போய் அவள் மடியில் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். அவள் அவனைப் பிடித்து வைக்கவில்லை.

"அண்ணி, இன்னும் பயமா கீதா?" என்று இருதயமேரி உள்ளிருந்து கேட்டாள்.

"பயமில்ல," என்றாள் சவுரியம்மாள். அவளுடைய குரல் வேறு மாதிரி இருந்தது. "ஊசியப் பத்தி நான் சொன்னதெல்லாம் நெசம்தான் மேரி. ஆனா அதுக்காவ மட்டும் நான் பை எடுத்துக்கினு வரல. என் வூட்ல சத்தமே இல்ல. காலையில எழுந்தா நான் தும்முனாத்தான் சத்தம்."

மிஷின் நின்றது. இருதயமேரி கொண்டியை எடுத்துவிட்டு வெளியே வந்து நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் பறித்துப்போக வந்தவள் என்றே நினைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அந்தக் காலிப் பையை எடுத்தாள். மடித்தாள். சுவர் ஆணியில், தன் சேலைப் பைக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"நான் உள்ள கீறப்போ என் ரெண்டு கையும் துணியில கீது," என்றாள். "கூடத்துல அவன்கூட ஒரு ஆளு வேணும் அண்ணி. உங்க துணிமணிய எப்ப எடுத்தாரலாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க."

சவுரியம்மாள் சுவரில் தொங்கிய தன் பையை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முட்டியைப் பிடித்து எழுந்து நின்ற அருளப்பன் தன் மொட்டைத் தலையால் அவள் மோவாயில் ஒரு முட்டு முட்டினான். அவள் வலியில் கண் கலங்கியபடியே சிரித்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை," என்றாள்.