திரையில் இல்லாத கேள்வி

“இன்னாடி இது? வானம்ன்ற, நிலான்ற... பேர மாத்தினா பக்கத்து வூட்டுக்காரனுக்கும் பொருந்தும்!” தோழி தீபலட்சுமி வீடியோவுக்கு எழுதிவந்த தாளை மேசையில் போட்டாள் ரோஸி. சேலையூர் கேம்ப் ரோட்டில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் சின்ன ஸ்டுடியோ அவளுடையது.

தீபலட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன் அவள் காதலன் ஜெர்சன்தான் கல்யாணப் பேச்சை எடுத்தான். அப்பா படுக்கையில் கிடந்த நேரம். மதத்தைச் சொல்லி வீடு இரண்டாகிவிடும் என்ற பயம் வேறு. “இப்ப கேக்காத” என்றுவிட்டாள். அவன் அதன்பிறகு கேட்கவில்லை. விலகிப் போகவும் இல்லை. இப்போது அப்பா எழுந்து நடமாடுகிறார். போன வாரம் வீட்டில் அழுது, சண்டை போட்டு, சம்மதமும் வாங்கிவிட்டாள். இந்த முறை கேட்க வேண்டியவள் தான்தான். நேரில் ஆரம்பித்தால் வார்த்தை தடுமாறிவிடும் என்றுதான் வீடியோ.

ரோஸி புதுத்தாளின் நடுவே ஒரு கோடு போட்டாள். “இந்தப் பக்கம் கண்ணுக்கு, அந்தப் பக்கம் காதுக்கு. படத்துல தெரியறத வாயால சொல்லாத.”

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. மழையில் ரோஜாச் செடியைத் தூக்கிக்கொண்டு ஜெர்சன் சிரிக்கும் படம். அதற்கு எதிரே தீபா எழுதினாள்: ‘அன்னிக்கு நான் அழுதுட்டு வந்தேன். ஏன்னு நீ கேக்கல. செடி வாங்கலாமான்னு கேட்ட.’ ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் உட்கார்ந்தபடியே தூங்கும் படத்துக்கு: ‘அப்பாவுக்கு ஷேவ் பண்ணிவிட்டது நீன்னு நர்ஸ் சொல்லித்தான் தெரியும்.’

அடுத்தது கீழ்க்கட்டளை பஸ் நிறுத்தம். அவள் மறுத்த இடம்.

“இத வெட்டிடலாம், மூடு போயிடும்” என்றாள் ரோஸி.

“இது இல்லாம நான் கேட்டா பொய்யாயிடும்டி.”

காலியான நிறுத்தத்தை இருவரும் போய்ப் படமெடுத்து வந்தார்கள். தன் குரலைத் தீபா வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, எதிரொலி வராமலிருக்க புடவைகள் தொங்கும் பீரோவுக்குள் தலையை நீட்டிப் பதிவு செய்தாள். முதல் தடவை செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. தாளை மூடிவைத்துவிட்டுப் பேசியதும் சரியாக வந்தது. கடைசிக் காட்சிக்கு ரோஸி சேர்த்திருந்த வயலின் இசையைத் தீபாவே எடுக்கச் சொன்னாள்.

ஜெர்சன் எலக்ட்ரீஷியன். ஸ்டுடியோ டிவியில் படம் ஆடுகிறது என்று ரோஸி கூப்பிட்டதும் பையோடு வந்தான். ரோஸி அந்த வீடியோவை ஓடவிட்டாள். செடியைப் பார்த்ததும் சிரித்தான். ஆஸ்பத்திரியில் சிரிப்பு நின்றது. காலியான பஸ் நிறுத்தம் வந்தபோது, கையிலிருந்த டெஸ்டரை மெல்லக் கீழே வைத்தான்.

‘இங்கதான் உன்ன காக்க வெச்சேன். நீ காத்திருக்கேன்னு ஒரு நாளும் சொல்லிக் காட்டல.’ திரை வெறுமையானது. இசை இல்லை. ‘மிச்சத்த இதுல சொல்லப் போறதில்ல ஜெர்சன். திரும்பிப் பாரு.’

திரும்பினான். கதவருகே தீபா நின்றிருந்தாள். வார்த்தை தடுமாறத்தான் செய்தது. ஆனாலும் கேட்டாள்.

“என்னக் கட்டிக்கிறியா?”

அவன் முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டான். “டிவி நல்லாத்தான் கீது” என்றான். குரல் உடைந்தது. “கட்டிக்கிறேன் தீபா. கட்டிக்கிறேன்.”

ரோஸி போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சற்று நேரத்தில் கேம்ப் ரோட்டின் நெரிசலுக்குள் தீபாவின் ஸ்கூட்டர் புகுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஜெர்சன், பக்கத்தில் ஊர்ந்த பஸ்ஸின் ஜன்னல்களைப் பார்த்து, “எனக்குக் கல்யாணம்!” என்று கத்தினான். யாரோ ஒரு அம்மாள் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினாள். கண்டக்டர் நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.