திறந்த கதவும் ஐந்தாம் வகுப்பும்

“அவனுக்குப் பயமா இருந்துச்சுன்னு ஒரு வரி சேர்த்தா உனக்கு என்னம்மா குறைஞ்சு போகுது?”

கேட்டவர் எங்கள் பாடநூல் நிறுவனத்தின் தலைமை ஆசிரியர். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. பழைய கதைகளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாமாகவே வாசிக்கும்படி மாற்றி எழுதுவது என் வேலை. ஒப்பந்த வேலைதான், இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பது அவர் கையில்.

இப்போது கையில் இருந்தது ஒரு கைதியின் கதை. பாதி ஆயுளைச் சிறையில் கழித்தவனுக்கு விடுதலை நாள். மூலத்தில் இப்படி இருக்கிறது: ‘வாயில் அகலத் திறந்து கிடந்தும், ஏவுவார் எவரும் இன்மையின், அவன் அசைவற்று நின்றான்.’

நான் எழுதியது: ‘கதவு அகலமாகத் திறந்திருந்தது. “போ” என்று யாரும் சொல்லவில்லை. அவன் அங்கேயே நின்றான்.’

சொல் எளிது, வரி சின்னது. ஆனால் அவன் ஏன் நின்றான் என்பதை மூலம் போலவே பிள்ளைகளிடம் விட்டிருந்தேன்.

“புரியாது” என்றார் கத்தரி.

“புரியுதான்னு வகுப்புல வாசிக்க வச்சுப் பார்த்துடலாமே சார்.”

பக்கத்துப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில், ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு, பாதிப் பேருக்கு என் பிரதி, மீதிப் பேருக்குப் ‘பயம்’ சேர்த்த பிரதி. ஏன் நின்றான் என்று கேட்டேன். பயப் பிரதி வாசித்தவர்கள் ஒரே குரலில், “பயம்” என்றார்கள். அதோடு சரி. என் பிரதிக்காரர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.

“மணி அடிச்சிடுச்சே, போகலையா?” என்றேன்.

“டீச்சர் இன்னும் சொல்லலையே” என்றாள் முன்வரிசைச் சிறுமி. கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தாள். “அவனும் இப்படித்தானே உட்கார்ந்து பழகியிருப்பான்?”

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஓட்டமும் நடையுமாக அலுவலகம் வந்து கத்தரியிடம் அப்படியே ஒப்பித்தேன்.

“கெட்டிக்காரப் பொண்ணு” என்றார் அவர். “ஆனா ஆசிரியர் கையேட்டுல ஒரே விடைதான் போட முடியும். ஆளுக்கொரு விடை எழுதினா யாரும்மா திருத்துறது? பயம்னே போட்டு அனுப்பிடு. உன் நீட்டிப்புத் தாளும் என் மேஜைமேலதான் இருக்கு.”

மிரட்டவில்லை; நினைவூட்டினார். இருக்கைக்கு வந்தேன். ‘அவனுக்குப் பயமாக இருந்தது’ என்று தட்டச்சு செய்தேன். அச்சுக்கு அனுப்பினேன். அந்தச் சிறுமியின் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று வெட்கமாக இருந்தது.

ஆறு மணி. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வாசல் கதவு திறந்தே இருந்தது. கத்தரி தன் அறையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் நிமிர்ந்து பார்த்துப் போகச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.