வாரத்துக்கு இரண்டு இரவு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் அது தெரியும். ஆனால் வாய்ப்பேச்சை நான் நம்புவதில்லை. எதுவானாலும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். தையல்காரிக்கு அளவு எழுதாமல் வேலை ஓடுமா?

மகன் வேலை கிடைத்துக் கிளம்பிய பிறகு அவனுடைய அறை சும்மா கிடந்தது. இது வாடகை வீடு. நானாக யாரையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது என்று என் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதனால் வீட்டுக்காரரிடம் போய், அந்த ஓர் அறையை உள்வாடகைக்கு விடச் சம்மதம் எழுதி வாங்கினேன். அவர் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். யோசித்து யோசித்து எழுதுகிற மனிதர்.

முதலில் வந்தவள் ஒரு வங்கிக்காரி. அவளைப் பார்க்க இரண்டு நாளைக்கென்று வந்த தம்பி மூன்று மாதம் இருந்தான். நான் துணி வெட்டுகிற மேசை மேலேயே படுத்துத் தூங்குவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டுக்காரரிடம் புகார் சொல்லி, என் வாடகை வீட்டுக்கே வேட்டு வைக்கப் பார்த்தார்கள். அடுத்த ஆளுக்குச் சம்மதம் கேட்கப் போனபோது, அவர் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ‘தங்குபவர் ஒருவர் மட்டுமே; விருந்தினர் வாரத்துக்கு இரண்டு இரவுக்கு மேல் தங்கக் கூடாது.’ எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்த அடுத்த ஆள்தான் ரொட்டிக்காரி. தெருமுனை பேக்கரியில் மாவு பிசைகிறவள். விடியற்காலை நாலு மணிக்குப் போய் மத்தியானம் திரும்புவாள். ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினேன். வாடகை ஐந்தாம் தேதிக்குள். கரண்ட் பில்லில் மூன்றில் ஒரு பங்கு. சமையலறை, குளியலறை, பால்கனி இருவருக்கும் பொது. பிரிட்ஜில் இரண்டாவது தட்டு அவளுக்கு. ஹாலில் பகலெல்லாம் என் மெஷின் ஓடும், அதைப் பற்றி முணுமுணுக்கக் கூடாது. காலி செய்வதானாலும் செய்யச் சொல்வதானாலும் ஒரு மாத நோட்டீஸ், எழுத்தில். கடைசியில் விருந்தினர் பற்றிய வரி. மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம்.

அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். கணவனும் இவளும் பிரிந்தாயிற்று. குழந்தை அப்பாவோடு இருந்தாள். வெள்ளியும் சனியும் இரவு இங்கே. சரியான வாலு. என் ஊசி டப்பாவைத் திறந்து குண்டூசிகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பாள். நான் கத்துவேன். ஆனாலும் மறுபடியும் கலந்து வைக்க எனக்கு மனசு வராது.

வந்த முதல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில் பஸ் ஓடாமல் குழந்தை மூன்றாவது இரவும் தங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் என் தையல் ஒன்று பிசகிவிட்டது, எனக்கு எரிச்சல். யார்மேல் காட்டுவது? “படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்ட?” என்று ரொட்டிக்காரியைக் கேட்டேன். கேட்ட அடுத்த நிமிஷமே மறந்தும் போனேன். என் வாய் அப்படி. பத்து நிமிஷத்துக்கு மேல் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அவள் மறக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவளும் அவள் பையும் வீட்டில் இல்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. சொல்லிவிட்டுப் போனால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று இரண்டு நாளும் எனக்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை, பேக்கரிக்காகத் தைத்து முடித்த பன்னிரண்டு ஏப்ரன்களை எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கம் மாவு மூட்டை அடுக்கும் அறையில், மடித்த சாக்குகள் மேல் போர்வை விரித்து, குழந்தை பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முழங்கையெல்லாம் மாவு.

“என்னடி இது?” என்றேன்.

“ரெண்டு நாளா இங்கதான் தூங்குறோம்,” என்றாள் அவள், சுற்றுலா வந்தவள் மாதிரி. “ரொட்டி வாசனை சூப்பரா இருக்கு.”

ரொட்டிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

“வீடு இருக்கும்போது மூட்டை மேல படுக்க வெப்பியா? உனக்குப் புத்தி இருக்கா?”

“போன வெள்ளி, சனி ரெண்டு நாளும் அங்க தங்கிட்டாக்கா. இந்த வாரத்துக்கு அதோட முடிஞ்சிடுச்சே.”

“எது முடிஞ்சிடுச்சு?”

“நீங்க எழுதின ரெண்டு ராத்திரி.”

கையிலிருந்த ஏப்ரன் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

மீதியை அவள் மெதுவாகச் சொன்னாள். குழந்தையின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. புதன்கிழமையே குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டான். ஒரு வருஷம் இனி இவளோடுதான். ஆனால் அறை ஒருவருக்கு மட்டும்தானே? அதனால் திங்கட்கிழமை குழந்தையை விடுதியோடு இருக்கும் பள்ளியில் சேர்ப்பதாக முடிவு. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். இவள் பேக்கரிப் பெண்கள் மூன்று பேர் இருக்கும் அறைக்குப் போய்விடுவாள். சொல்லி முடித்து, ஏப்ரன் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு மாத நோட்டீஸ். தேதி போட்டு, ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா நீங்க சரின்னு சொல்லிடுவீங்களோன்னுதான் பயமா இருந்துச்சு. அப்புறம் வீட்டுக்காரர் உங்களையே காலி பண்ணச் சொன்னா? என்னால உங்க வீடு போகணுமாக்கா?”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. சம்மதத்தை மீறினால் முதலில் போவது என் வீடுதான். இருபத்திரண்டு வருஷம் இருந்த வீடு. அதைக் காப்பாற்றத்தான் இந்தப் பெண் பெற்ற மகளை மாவு மூட்டை மேல் படுக்கவைத்தாள். நான் ஒரு திங்கட்கிழமை எரிச்சலில் கேட்ட கேள்விக்கு ஏழு மாதம் கழித்து வந்த பதில் அது. வெட்கமாக இருந்தது. அழலாம் போலவும் இருந்தது. அதற்கெல்லாம் நேரம் இல்லை, திங்கட்கிழமைக்கு மூன்றே நாள்.

வீட்டுக்கு வந்து அறையை இன்ச் டேப்பால் அளந்தேன். மறுநாள் காலை கண்ணாடிக்கடையில் போய் நின்றேன். வீட்டுக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

“சார், சம்மதக் கடிதத்த மாத்தி எழுதணும். ஒருத்தர்னு இருக்கறத ஒருத்தரும் அவங்க குழந்தையும்னு.”

“இப்படித்தாம்மா போன தடவை அந்தத் தம்பி வந்தான்,” என்றார் தலையைத் தூக்காமலே.

“அவன் தடிமாடு சார். இது ஏழு வயசு. அறை பன்னெண்டடிக்குப் பதினொண்ணே கால். கட்டில் போக ஒரு சின்னப் படுக்கை தாராளமாப் போடலாம். அளந்துட்டுத்தான் வந்திருக்கேன்.”

“அவங்க நாலு மணிக்கு வேலைக்குப் போறவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ தினமும் குழந்தைகூட யாரு இருப்பாங்க?”

வழியெல்லாம் பதில்களை அடுக்கிக்கொண்டு வந்தவள், இந்தக் கேள்வியை மட்டும் யோசித்திருக்கவில்லை. ரொட்டிக்காரியையும் கேட்கவில்லை, என்னையும் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“நான்தான் இருப்பேன். வேற யாரு?”

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “வருஷம் முழுக்க?”

“வருஷம் முழுக்க.”

“வீட்டுக்கு ஏதாவது ஆனா நான் அவங்களக் கேக்க மாட்டேன், உங்களத்தான் கேப்பேன். அப்புறம், உங்க ஒப்பந்தம் முடியற தேதியோட அவங்களுதும் முடியும். அதையும் எழுதிடுங்க.”

“எழுதிடறேன் சார்.”

திருகாணியைத் தட்டில் வைத்துவிட்டு லெட்டர்பேடை எடுத்தார். வழக்கம்போல யோசித்து யோசித்து எழுதினார். விருந்தினருக்கான வரியை அப்படியே விட்டுவைத்தார். குழந்தை இனி விருந்தாளி இல்லை என்பதால் அது அவளைத் தொடாது. கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்திக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவையும் மகளையும் பேக்கரியிலிருந்து கூட்டிவந்தேன். வெட்டுகிற மேசையைக் காலி செய்து மூவரும் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் கடிதத்தையும், நான் எழுதிய புதுப் பக்கத்தையும் ரொட்டிக்காரி முன் வைத்தேன். முதல் வரி, அவள் கொடுத்த நோட்டீஸை இருவரும் ஒப்புக்கொண்டு ரத்து செய்கிறோம் என்பது. நோட்டீஸ் கொடுத்தது அவள். நானாகக் கிழித்துப் போட்டுவிட முடியாது. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் படிக்கிற நேரம் முழுக்க என் கை சும்மா இருக்க முடியாமல் ஒரு பட்டனைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

“காலைல இவளப் பாத்துக்கறதப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லியே?” என்றாள். “அதுக்கு எவ்வளவுன்னு ஒரு வரி போட்டுடுங்கக்கா. எனக்கு மனசு கேக்காது.”

“அத எழுத மாட்டேன்.”

“நீங்கதானே எல்லாத்தையும் எழுதணும்பீங்க?”

“இத எழுத மாட்டேன்னா எழுத மாட்டேன். கையெழுத்தப் போடுடி.”

அவள் பேனாவை எடுத்தாள். எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் விழுந்தது, கண்ணீரில் அவளுக்குக் காகிதமே தெரிந்திருக்காது. விடுதிப் பள்ளியின் விண்ணப்பம் அவள் பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்து எடுத்து நாலாகக் கிழித்தேன். என்னுடையது இல்லைதான், இருந்தாலும் கிழித்தேன்.

அதுவரை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். விரலை வைத்து வரிவரியாகத் தேடினாள்.

“இதுல எத்தனை ராத்திரின்னு போட்டிருக்கு?”

ரொட்டிக்காரி என்னைப் பார்த்தாள்.

“எண்ணே போடலடி,” என்றேன்.

“அப்போ நாளைக்கு?”

“நாளைக்கும் இங்கதான்.”

“நாளன்னைக்கு?”

“நாளன்னைக்கும். காலைல அம்மா வேலைக்குப் போனதும் நான்தான் உன்ன எழுப்புவேன். ஒரு தடவைதான் கூப்பிடுவேன், எழுந்துடணும்.”

அவள் மேசையைச் சுற்றி ஓடி வந்து, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் அழுதேன். அவள் தன் சட்டைக் கையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதில் இன்னும் மாவு இருந்தது.