பேசாத வாடிக்கையாளர்

மதிய வெயிலில் திரைச்சீலைகள் எங்கள் துணிக்கடைக்குள் மெல்ல மிதந்தன. கடலை கொறித்தபடி பேரம் பேசிய பெரியவர், திடீரென்று மௌனமானார். பழைய தந்திரம் என்று நினைத்து நானே இருமுறை விலையை இறக்கினேன். அவரோ தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இருமல்கூட வரல, தொண்டை அடைச்சிருக்கு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று என் தங்கை ஓடிவந்தாள்.

அவரைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கி அடித்தாள். பயனில்லை. பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக இழுத்து அழுத்தினாள். நான் போனில் முகவரி சொல்லும்போதே, மூன்றாவது அழுத்தலில் கடலை பறந்து பட்டுத்துணியில் விழுந்தது.

கனவு கலைந்தவர்போல் மூச்சிழுத்தார். "கடைசியா சொன்ன விலைதானே, தம்பி?"

"ஐயா, வயித்தை அழுத்தியிருக்கேன். மொதல்ல டாக்டரைப் பாருங்க" என்றாள் தங்கை.